அவன் வைத்திருந்த ஆறு நாள்

என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே வக்கீல் நோட்டீஸை அனுப்பியவன் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு மேசைக்கும் நடுவில் எட்டடி இருந்தால் அதிகம். கையை நீட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் பங்குதாரர் பத்திரத்தில் அறிவிப்பு பதிவுத் தபாலில்தான் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியதை எழுதியபடி செய்கிறவன் அவன்.

விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமோ படித்தபோது ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, பிறகு தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து வீட்டு மின்சாரத்துக்கான பீஸ் கட்டை செய்ய ஆரம்பித்தோம். மண், பிரஸ், விற்பனை எல்லாம் என் பொறுப்பு. சூளை அவன் பொறுப்பு. காஸ் சூளை வாங்க பேங்கில் கடன் கேட்டபோது ஒழுங்கான பத்திரம் வேண்டும் என்றார்கள். அதில் ஒன்பதாவது பிரிவு சூளையை நடத்தும் முழு அதிகாரமும் அவனுக்கு என்று சொன்னது. கடைசிப் பக்கத்தில் தகராறுப் பிரிவு இருந்தது. தகராறு என்று ஒருவர் எழுத்தில் அறிவித்து, அது மற்றவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் இருவரும் நேரில் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அதற்கடுத்த நாற்பத்தைந்து நாளில் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சமரசர் முன்னால் சமரசம். கெடு போதாவிட்டால் இருவரும் கையெழுத்திட்டு நீட்டிக்கலாம். அதிலும் ஆகாவிட்டால் யார் வேண்டுமானாலும் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். நடுவரைத் தேர்ந்தெடுக்க முப்பது நாள், அவர் தீர்ப்புச் சொல்ல ஆறு மாதம்.

நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. நமக்குள் இதெல்லாம் எதற்கு என்று கையெழுத்துப் போடப் போனேன். அவன்தான் வரிவரியாகப் படித்தான். பேச்சுவார்த்தைக்குப் பதினைந்து நாள் என்று டைப் செய்திருந்ததை முப்பது என்று மாற்றச் சொன்னான். எதற்கு என்று வக்கீல் கேட்டார். "இவனுக்குக் கோவம் வந்தா ஆறவே பதினைஞ்சு நாள் ஆவும் சார், அப்புறம்தான் பேசவே முடியும்" என்றான். வக்கீல் சிரித்துக்கொண்டே திருத்தினார். எனக்கு உண்மையாகவே கொஞ்சம் கோபம் வந்தது.

தகராறு வந்ததற்குக் காரணம் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சூளை எரியும்போது மீட்டர் வெப்பத்தைக் காட்டும். ஆனால் மண் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதை மீட்டர் சொல்லாது. அதற்காக உள்ளே சின்னக் கூம்பு ஒன்றை நிறுத்தி வைப்போம். கோன் என்போம். வேக வேண்டியது வெந்ததும் அது தலை சாயும். கதவில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக அதைப் பார்த்து, இப்போது நிறுத்து என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தினால் பீஸ் கட்டை மங்கிப்போகும், பிந்தினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவன் சொல்லி நிறுத்திய சூளை கெட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மத்தியானம் நான் ஷெட்டுக்குள் போனபோது அவன் அந்த ஓட்டையில் கண்ணை வைத்து நின்றிருந்தான். இப்போதுதான் பற்றவைத்திருந்தார்கள், சூளை இன்னும் சூடேறவில்லை. அவனுடைய இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு பர்னர் அணைந்திருந்தது. காஸ் வரும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான், அணைந்த பர்னரைத் தாண்டி நடந்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. நான் ஓடிப்போய் வால்வை மூடினேன். என்னடா என்று கேட்டான். வால்வில் தூசி என்று ஏதோ உளறினேன். 

அதன் பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிந்தது. பக்கத்தில் யாராவது வந்து நின்றால் அவனுக்குத் தெரிவதில்லை. வாசற்படியில் தோளை இடித்துக்கொள்கிறான். ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வருகிறான். நான் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, சூளை வண்டியில் சரக்கு அடுக்கும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அவன் பற்றவைத்த பிறகு அவனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு பர்னரையும் பார்த்து, தேவையானால் வால்வைத் திருப்பச் சொன்னேன். அந்த அக்காவுக்கு அதில் இஷ்டமே இல்லை. "அவருகிட்ட சொல்லிட்டுச் செய்யலாங்களே" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் அக்காவின் கையை வால்வில் பார்த்துவிட்டான். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். அவன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் படித்தவன் அல்லவா, நேராக வக்கீலிடம் போனான். ஒன்பதாவது பிரிவை நான் மீறிவிட்டேன், அவனுக்குத் தெரியாமல் சூளையில் தலையிட்டேன் என்பது நோட்டீஸ்.

நோட்டீஸ் தொழிற்கூட முகவரிக்கு என் பெயரில் வந்தது. எங்கள் ஆபீஸில் வாசல் பக்கம் இருப்பது அவன் மேசை. தபால்காரர் அத்தனை வருஷமாகப் பதிவுத் தபாலை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். அன்றும் அப்படியே கொடுத்தார். அவனும் பழக்கதோஷத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டான். எனக்கு அவன் அனுப்பிய நோட்டீஸை அவனே வாங்கிக்கொண்டான். ஒப்புகை அட்டை அவன் கையெழுத்தோடும் ஆபீஸ் சீலோடும் அவன் வக்கீலுக்கே திரும்பிப் போனது. அது ஒரு புதன்கிழமை.

கவர் என் மேசைக்கு வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. காலையில் நான் வந்து உட்கார்ந்தபோது கண்ணாடி டம்ளருக்கு அடியில் இருந்தது. கவரின் ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. அவனுடைய சாப்பாட்டுப் பையில் ஆறு நாள் போய் வந்திருக்கிறது. அவனைப் பார்த்தேன். அவன் மீட்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

முப்பது நாள் பேச்சுவார்த்தை நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் முதல் வருஷத்திலிருந்தே ஒரு வழக்கம். சூளை பற்றவைத்ததிலிருந்து ஆறிக் கதவு திறக்கும்வரை யாரும் யாரையும் கடிந்து பேசக் கூடாது. கூலித் தகராறானாலும் கதவு திறந்த பிறகுதான். அதை வைத்தவனும் அவன்தான். அந்த மாதம் பார்த்து ஆர்டர் குவிந்துகிடந்தது. ஒரு சூளை ஆறிக் கதவு திறந்த அன்றே அடுத்த வண்டியைத் தள்ளினோம். நடுவில் கிடைக்கும் அரை நாளில் சரக்கைப் பிரித்து அடுக்கவே நேரம் போதவில்லை. எனக்கும் பேச வாய் வரவில்லை, அவனுக்கும் கேட்க மனசு வரவில்லை. லாரி வந்ததா, வேப்பூர் பார்ட்டிக்கு அனுப்பியாச்சா என்று மட்டும் பேசினோம். முப்பது நாளும் அப்படியே கழிந்தன.

பிறகு சமரசம். கடலூரிலிருந்து ஒரு பெண் வக்கீல், சமரசருக்கான பயிற்சி பெற்றவர், எங்கள் இருவருக்கும் அறிமுகமில்லாதவர். அதுவே போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார். தீர்ப்புச் சொல்வது தன் வேலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், நாளைக்கு நடுவரிடம் போனாலும் இங்கே சொன்னதை யாரும் அங்கே எடுத்து வீச முடியாது என்றார். நான் இதை எழுதுவதற்கு அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். பேரைப் போடாதே என்றான். என் பேரையும்தான் போடவில்லை.

முதல் அமர்வில் எங்களைச் சேர்த்து வைத்துப் பேசினார், பிறகு தனித்தனியாக. தனியாக இருந்தபோது நான் பர்னர் விஷயத்தைச் சொன்னேன். அவர் குறிப்பெடுப்பதை நிறுத்தினார். பிறகு கேட்டார்: "இத நான் அவருகிட்ட சொல்லலாங்களா, இல்ல இங்கயே இருக்கட்டுங்களா?"

இங்கேயே இருக்கட்டும் என்றேன். அவன் கண்ணைப் பற்றி மூன்றாம் மனிதர் வாயால் அவன் கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் அந்த அறையில் என்ன சொன்னான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைப் பூட்டி வைத்துக்கொண்டால் அந்த அம்மா பாவம் என்ன செய்வார். அடுத்த அமர்வுக்கு அவரால் வர முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமைதான். ஒப்புகை அட்டையின்படி எண்ணினால் அந்த வாரம் திங்களோடு எழுபத்தைந்து நாளும் முடிந்துவிடுகிறது, அதனால் கெடுவை நீட்டிக்க இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்.

அந்தத் தாள் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. முதலில் கையெழுத்துப் போடுகிறவன் இறங்கி வந்தவன் ஆகிவிடுவான் என்ற வீம்பு. அவனும் போடவில்லை. திங்கள் போய்விட்டது.

செவ்வாய் காலையில் என் வக்கீல் போன் செய்தார். குரலில் உற்சாகம். கெடு முடிந்துவிட்டது, நீட்டிப்பு இல்லை, வெள்ளிக்கிழமை போக வேண்டிய அவசியமே இல்லை, நடுவர் தீர்ப்புக்கான அறிவிப்பு தயாராக இருக்கிறது என்றார். அதிகாரம் அவனுக்குத்தான், ஆனால் ஆபத்தைத் தடுக்கத்தான் நான் தலையிட்டேன் என்று வாதாடுவோம், அக்காவைச் சாட்சியாக்குவோம் என்றார். பிறகு சொன்னார்: "கண் டாக்டர் சர்டிபிகேட்டு கேப்போம் சார். குடுத்தா நாம ஜெயிச்சோம். குடுக்கலன்னாலும் நாம ஜெயிச்சோம்."

நான் ஜெயிப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்த மனிதனுக்குக் கண் தெரியவில்லை என்று ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி ஜெயிப்பேன். அவன் தன் கடைசி நாள்வரை அதைச் சுமந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். சூளை என் கைக்கு வரும். அவன் இல்லாத ஷெட்டில் அந்தச் சூளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில்தான் கவரின் எண்ணெய்க் கறை ஞாபகம் வந்தது. பத்திரத்தை எடுத்து முதன்முறையாக அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தேன். அறிவிப்பு 'மற்றவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து' என்றுதான் இருந்தது. என் கைக்குக் கிடைத்தது புதன்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. கெடு முடிவது ஞாயிற்றுக்கிழமை. வக்கீலுக்குப் போன் செய்து சொன்னேன். அட்டையில் புதன்கிழமை தேதி இருக்கிறது, நீங்களாக வாயைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். அவனுக்குத் தெரியும் சார் என்றேன்.

அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். வாங்க என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார். அவன் கூடத்தில் இருந்தான். கெடு முடிந்துவிட்டது, இனிமேல் போக வேண்டாம் என்று அவனுடைய வக்கீலும் சொல்லியிருக்கிறார். ஷெட்டுச் சாவி மேசைமேல் இருந்தது. இனி வரப்போவதில்லை என்று எனக்குக் கொடுத்தனுப்ப எடுத்து வைத்திருக்கிறான்.

"கெடு இன்னும் முடியல" என்றேன். "நோட்டீசு என் கைக்கு வந்தது செவ்வாக்கிழமதான். ஆறு நாளு உங்கிட்டதான் இருந்துது."

அவன் தலையை மெல்லத் திருப்பி, என் முகம் எங்கே இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"குடுக்க முடியலடா" என்றான். "தெனமும் எடுத்துக்கினு வருவேன். நீ டீ வாங்கி வெப்ப. அப்புறம் எப்படிக் குடுக்கறது."

 காபி வந்தது. குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரும் நீட்டிப்புக் கேட்கவில்லை, யாரும் இறங்கி வரவில்லை. அவன் கொடுக்க மனசில்லாமல் வைத்திருந்த நாட்களில்தான் எங்களுக்கு இன்னும் நேரம் மிச்சமிருந்தது.

வெள்ளிக்கிழமை சமரசர் முதலில் தேதியை முடிவுசெய்தார். நோட்டீஸ் என் கைக்குக் கிடைத்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்று இருவரையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். அப்படி எழுதிவிட்டால் பிறகு எந்த அட்டையைக் காட்டியும் யாரும் கேள்வி கேட்க முடியாது என்றார். அந்தக் கையெழுத்தை அவன் வக்கீல் பக்கத்தில் நின்று இடம் காட்ட, சீக்கிரம் போட்டுவிட்டான். வக்கீல் வெளியே போனதும் நான் சமரசரிடம், அன்று தனியாகச் சொன்னதை நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

பர்னரைச் சொன்னேன். காஸ் சத்தத்தைச் சொன்னேன். தூசி என்று பொய் சொன்னதைச் சொன்னேன். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல" என்றான்.

"சொன்னா நீ வராம வூட்டோட இருந்துடுவேன்னு பயம்டா. நீ இல்லாம எனக்கு அங்க என்னா வேல இருக்குது."

அவன் நாற்காலியைச் சமரசர் பக்கம் திருப்பினான். பிறகு சமரசரிடம், நான் உங்களிடம் சொன்னதையும் இவனிடம் சொல்லிவிடுங்கள் என்றான். அந்த அம்மா, நீங்களே சொல்லுங்கள் என்றார். அவன் சொன்னான். கண்ணில் அழுத்தம். இரண்டு வருஷமாக சொட்டு மருந்து போடுகிறான். பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது. நேராகப் பார்த்தால் தெரிகிறது. கோனைப் பார்க்க அந்தச் சின்ன ஓட்டை போதும், அதில் இன்றைக்கும் அவன் தவறவில்லை. என்னிடம் சொன்னால் அவனை மேசையில் உட்காரவைத்து மரியாதை செய்வேன் என்று பயந்திருக்கிறான். அவன் பயத்தில் தப்பில்லை, அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குமேல் கஷ்டமாக இல்லை. நடுவரிடம் போயிருந்தால், ஒன்பதாவது பிரிவை நான் மீறினேனா இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். இங்கே சமரசர், சூளையில் என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கோனைப் பார்ப்பதும் நிறுத்தச் சொல்வதும் அவன். அதில் நானும் தலையிட முடியாது. பர்னரும் வால்வும் இனி அந்த அக்காவின் பொறுப்பு, அதற்குத் தனிச் சம்பளம். தீ அணைந்தால் காஸை நிறுத்தும் கருவியை எல்லாப் பர்னருக்கும் வைப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன் தன் டாக்டரிடம் போவான், நான் கூடப் போவேன், ரிப்போர்ட்டு எந்தக் கோப்பிலும் வைக்கப்படாது. கூடப் போவேன் என்பதை நான் கேட்டு எழுதவைத்தேன். அவன் மறுக்கவில்லை. மத்தியானத்துக்குள் டைப் ஆகி வந்துவிட்டது. நாங்கள் கையெழுத்திட்டு, சமரசரும் சான்றிட்டால், கோர்ட்டு தீர்ப்புப் போலவே செல்லும் என்றார்.

நான் முதலில் கையெழுத்திட்டுத் தாளை அவன் பக்கம் தள்ளினேன். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளின்மேல் குனிந்தான். தலை மெல்ல இடமிருந்து வலம் போனது, பிறகு கீழே இறங்கியது, மறுபடி மேலே போனது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில்தான் அவனுடைய இடம் இருந்தது. அவன் பார்வை அதைத் தாண்டித் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.  

அவன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடா போடணும், காட்டு" என்றான்.

இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று, அந்த இடத்தில் என் விரலை வைத்தேன். அவன் பேனா முனையை என் நகத்தில் முட்ட வைத்து, அங்கிருந்து ஆரம்பித்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.